வரவேற்பறை வரைக்கும்

என் மகனுக்குப் பத்து வயது முடிந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிப் படிக்கட்டில் கால் வைக்கப் போனவனைக் காவலுக்கு இருக்கும் அம்மா நிறுத்தினாள்.

"ஏலே, மேல போகக்கூடாது. இங்கனயே இரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் யாருக்கும் கெட்டவள் இல்லை. போன வாரம் அவன் கொடுத்த பிறந்தநாள் மிட்டாயை வாங்கித் தின்றவள். அதனால்தான் வயது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"போர்டுல போட்டிருக்குல்லா. பத்து வயசு ஆனா ஆம்பளப் பிள்ளைய மேல விடக்கூடாதுன்னு. மேடம் என்னையத்தான் கேப்பாவ" என்றாள்.

அப்போது நான் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு சரக்குப் பெட்டக நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தேன். கணவர் வீட்டை விட்டு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகன் ஆறுமுகநேரியில் கணவர் வீட்டாரோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பகல் மட்டும் என்னிடம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி வைத்திருந்தார்கள். கொழுந்தனுக்குப் பெண் எடுத்த வீடு தூத்துக்குடியில். அவர் காலையில் மாமனார் வீட்டுக்குப் போகும்போது பைக்கில் இவனை இறக்கிவிடுவார். நாலு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார். இடையில் உள்ள நேரம் என் அறையில் கழியும். என் கட்டிலில் படுத்து போன் பார்ப்பான், தூங்குவான். அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

அன்று அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனேன். ஒரு துணிக்கடைக்குள் ஏசிக்காகச் சுற்றினோம். ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டோம். கடற்கரைப் பூங்காவில் வெயில் நிற்க விடவில்லை. கடைசியில் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தோம். அவன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். பக்கத்தில் இருந்தவர், "எந்த ஊருக்கு போகணும்?" என்று கேட்டார். திருச்செந்தூர் என்று ஏதோ சொன்னேன். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த வருடம் முழுவதும் எனக்கு எதுவுமே உள்ளே போய் விழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொட்ட மாதிரி இருக்குமே, அப்படி.

அவனை அனுப்பிவிட்டு வந்து, வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த விதிகளைப் போனில் படம் எடுத்தேன். சேர்ந்த நாளில் அதன்கீழ் நின்று கையெழுத்துப் போட்டிருந்தேன். படித்ததில்லை. அறையில் உட்கார்ந்து படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்பதாவது விதி, பத்து வயது நிறைந்த ஆண்கள் வரவேற்பறையைத் தாண்ட அனுமதி இல்லை. பதினான்காவது, பார்வையாளர் நேரம் ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை; பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. கடைசி விதியின் மேல் குழல்விளக்கின் வெளிச்சம் வெள்ளையாக விழுந்திருந்தது. மறுபடி கீழே போய், பக்கவாட்டில் நின்று எடுத்தேன். விதிகளில் தளர்வு வேண்டுவோர் காரணத்தைக் குறிப்பிட்டுக் காப்பாளருக்கு முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்று இருந்தது.

என் மகனை ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்கு அழைத்துவர அனுமதிக்க வேண்டும் என்று எழுதினேன். அறைத்தோழி ஒருத்தி, வங்கியில் வேலை பார்ப்பவள், என்னைவிட இளையவள். அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்தக் கட்டில்காரி நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து படுக்கா. ஞாயித்துக்கிழமை பகல் முழுக்கத் தூங்குதா. அவளுக்கு எப்படின்னு தெரியாதுல்லா?"

அந்தக் கட்டில்காரி மருத்துவமனையில் செவிலி. இத்தனை நாள் இவன் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்கு அது இடைஞ்சல் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப ஒன்பத விட்டுருவோம். பதினால மட்டும் கேளுங்க. எத்தன மணியில இருந்து எத்தன மணி, எவ்வளவு நாளைக்குன்னு எழுதுங்க. சும்மா அனுமதி வேணும்னு போட்டா அவங்களுக்கு என்ன எழுதிக் கையெழுத்துப் போடுறதுன்னே தெரியாது" என்றாள் வங்கிக்காரி.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்:

'மதிப்பிற்குரிய காப்பாளர் அவர்களுக்கு வணக்கம். நான் இரண்டாம் மாடியில் தங்கியிருப்பவள். பத்து வயது நிறைந்த என் மகன் வெளியூரில் இருந்து ஞாயிறு பகலில் மட்டுமே என்னைப் பார்க்க வர முடிகிறது. அழைத்து வருபவர் மாலை நான்கு மணிக்குத் திரும்ப அழைத்துச் செல்வதால், விதி 14இல் உள்ள நேரத்தில் அவனைச் சந்திக்க இயலவில்லை. எனவே இரண்டு மாத காலத்திற்கு, ஞாயிறுதோறும் காலை பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை வரவேற்பறையில் அவனுடன் இருக்க அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விதி 9ஐ மீறி அவனை மேலே அழைத்துச் செல்லமாட்டேன். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்வேன். நன்றி.'

காப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மறுநாள் வேலை முடிந்து வந்து அவர் அறையில் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தவர், உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார்.

"மேல விடச் சொல்லிக் கேப்பியோன்னு நெனச்சேன். ஒன்பதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. டிரஸ்ட்ல போட்டது. நேரம் மாத்துறது என் கையிலதான் இருக்கு" என்றார். பிறகு, "மதியம் பிள்ள எங்க சாப்பிடுவான்?" என்று கேட்டார்.

அதை நான் எழுதியிருக்கவில்லை. வெளியில் வாங்கிக் கொடுப்பேன் என்றேன்.

"வெளிச் சாப்பாட்ட வரவேற்பறையில வச்சித் திங்கக்கூடாது. சனிக்கிழமையே மெஸ்ல சொல்லி விருந்தினர் டோக்கன் வாங்கிக்க. சாப்பிடுற எடம் கீழதான இருக்கு, நான் எழுதித் தாரேன். எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பொறவு கூட்டிட்டுப் போ. வந்ததும் போனதும் நோட்டுல கையெழுத்துப் போடணும். ஒரு வாரம் போடலன்னாலும் நிறுத்திருவேன்."

என் கடிதத்தின் ஓரத்திலேயே இதையெல்லாம் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டார். ஒரு நகல் எடுத்துக் காவலுக்கு இருக்கும் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். நன்றி என்றேன். "வீட்ல பேசிப் பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டார். பேசியாச்சு மேடம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மாடி ஏறும்போது சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. துணி காய்ந்திருக்குமா என்றுதான் யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் வந்ததும், "இனிமே இங்கதான்" என்றேன்.

"சாயங்காலம் வரைக்குமா?"

"ஆமா."

"படுக்கணும்னா?"

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டேன். மதியம் யாரும் இல்லாத சாப்பாட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பளம் கேட்டான், என்னுடையதைக் கொடுத்தேன். பிறகு அவன் நாற்காலிகளில் கால் மடக்கித் தூங்கினான். காவலுக்கு இருக்கும் அம்மா தானாகவே டிவி சத்தத்தைக் குறைத்தாள். ஒரு பெண்ணின் அப்பா ஊரில் இருந்து நாலு மணிக்கு முன்னாலேயே வந்து, இவன் தூங்குவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று மகளிடம் பேசிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடி எழுதிக் கொடுத்தேன், மறுபடி கையெழுத்தானது. மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு கொழுந்தன் போன் பண்ணி, வழியில் ரோட்டில் தண்ணீர் போகிறது, வரமுடியாது என்றார். டோக்கன் வாங்கியாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"வரலல்லா, மேல போயி படுத்துக்கயேன்" என்றாள் அந்த அம்மா.

"இருக்கட்டும்" என்றேன். எதற்கு இருந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அடுத்த கோடையில் ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீடு வாடகைக்குக் கிடைத்தது. விடுதியைக் காலி செய்தேன். இப்போது அவன் சனிக்கிழமை இரவே வந்துவிடுகிறான். முதல் தடவை குளித்துவிட்டு வந்தவன், "எம்மா, நீ கொஞ்சம் வெளிய நில்லு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வாசலில் நின்றேன். எதிர்வீட்டுக்காரி கோலப்பொடி டப்பாவோடு வந்து, "யாரு, ஒம் மவனா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், கன்னத்தில் சூடாகக் கண்ணீர் இறங்கியது. தலையை மட்டும் ஆட்டினேன்.