மறதியையும் எழுதுங்கோ

புருஷனை விட்டு வந்த மகளுக்குத் தென்னந்தோட்டம் எழுதினால், எங்கள் முந்தல் பக்கத்தில் அதற்குப் பைத்தியம் என்றுதான் பெயர். அப்பாவுக்கோ அப்போது மெய்யாகவே மறதி தொடங்கியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, "சோறு போடு பிள்ளை" என்பார்.

என் கலியாணத்தின்போது, எனக்குச் சீதனம் போய்விட்டதென்று, தோட்டம் முழுவதும் தான் செத்த பிறகு அண்ணனுக்கே சேரும்படி மரணசாதனம் எழுதியிருந்தார். சீதனத்தை என் புருஷன் குடித்தே தீர்த்தான். அதனால் அப்பா புதிதாக எழுதப் புறப்பட்டார். சிலாபத்தில் கடை வைத்திருந்த அண்ணன், "புத்தி தடுமாறின மனுசன் எழுதினது கோட்டில நிக்காது" என்று கோயில் வாசலிலேயே சொல்லித் திரிந்தான். நிற்காவிட்டால் பழையதுதான் செல்லும். எனக்குத் திரும்பவும் அந்தக் குடிகாரன் வீடுதான் கதி. அதைவிடக் கடலில் விழலாம்.

எழுதும் அன்றே டொக்டர் பார்க்க வேண்டும் என்றார் சாதனம் எழுதும் நொத்தாரிசு. டொக்டரைத் தன் வீட்டுக்கே வரவழைத்திருந்தார். நாங்கள் போனதும் என்னை விறாந்தைக்கு அனுப்பிவிட்டார். சொத்து வாங்குகிறவள் பக்கத்தில் இருந்தால் சொல்லிக்கொடுத்தாள் என்பார்களாம். ஆனாலும் அப்பாவின் குரலுக்குச் சுவர் ஒரு தடையா?

"இது எந்த வருசம்?" என்றார் டொக்டர்.

"தெரியாது."

"கவர்னர் ஆர்?"

"அவர் என்ட தோட்டத்துக்கு ஒரு நாளும் வரயில்லை. எனக்கேன் அவர்ட பேர்?"

நான் எழும்பி வாசலுக்கு வந்தேன்.

"பிள்ளைகள்?"

"ஒரு பொடியன், ஒரு பொட்டை."

"தோட்டம் எது?"

"மேற்கே களப்புத் தண்ணி, கிழக்கே ரோட்டு. வீடும் கிணறும் அதுக்குள்ள. மகனுக்குக் கடை வாங்கிக் குடுத்திட்டேன். மகளுக்கு ஒண்டுமில்லை. அதான் பழைய சாதனத்தை வெட்டுறேன்."

டொக்டர் சான்றிதழை எழுதி வாசித்தார். மறதி உண்டு, வருடம் தெரியவில்லை. ஆனால் தன் சொத்தும் பிள்ளைகளும் தெரியும், செய்வது இன்னதென்று விளங்கிச் செய்கிறார் என்றிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்றே கத்தினேன்.

"மறதியை ஏன் எழுதினீங்க? அண்ணன்ட கையில நீங்களே கத்தியைக் குடுக்கிறீங்க!"

"மறைச்சா கோட்டில ஒரு கேள்வியில பிடிபடும். பிறகு மற்றதையும் நம்பமாட்டாங்க" என்றார் டொக்டர்.

"எழுதுங்கோ ஐயா, மறதிக்காரன்தான்!" என்று அப்பா மேசையில் தட்டினார். "மகனை மறக்கயில்லை எண்டும் எழுதுங்கோ."

நொத்தாரிசு அதையும் காரணத்தோடு சாதனத்தில் இங்கிலீசில் எழுதி, தமிழில் வாசித்து விளங்கப்படுத்தினார். அவருக்கும், சாட்சிகளான டொக்டருக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் முன்னால் அப்பா கையெழுத்து வைத்தார்.

மறுநாள் காலை அண்ணன் சேதி கேட்டுக் குதித்துக்கொண்டு வந்தான். அவன் வாய் திறக்குமுன் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"வெளிக்கிடு பிள்ளை, நொத்தாரிசிட்டப் போவம். சாதனம் எழுதோணும்."

அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா? நேத்து எழுதினதே ஞாபகமில்லை! ஆருக்கப்பா எழுதப்போறீங்க?"

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தங்கச்சிக்குத்தான், வேற ஆருக்கு? உன்ட பேரையும் போடச் சொல்லோணும். இல்லாட்டி உன்னை மறந்திட்டேன் எண்டு நீயே கதை கட்டுவாய்."