கண்ணாடியில் தேயிலை

"லயத்துப் புள்ள, லொறியில ஏறிக்கூடப் பாத்திருக்காது. இது நமக்கு ஓட்டம் போடப்போகுதாம்!"

பதுளையிலுள்ள மொத்த விநியோகக் களஞ்சியத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் மூத்த டிரைவர் எல்லோர் முன்னாலும் சொன்னது இது. நானும் அவரும் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் 'டீச்சரம்மா' என்று கேலிப்பெயர் வைத்தார்.

எந்த லொறி எந்தக் கடைகளுக்கு, எந்த டிரைவரோடு போக வேண்டும் என்று பிரிப்பது என் வேலை. கம்பனி விதிகளை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒரு நாளில் ஸ்டியரிங் பிடிப்பது ஒன்பது மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. நாலரை மணித்தியாலத்துக்குள் அரை மணி ஓய்வு எடுக்க வேண்டும். சாமான் ஏற்றுவது, இறக்குவது, ஓட்டுவது, ஓய்வு எல்லாம் சேர்த்து வேலை நாள் பன்னிரண்டு மணித்தியாலத்தில் முடிய வேண்டும். நான் போட்ட ஓட்டங்கள் இதற்குள் அழகாக அடங்கின. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

பெருநாள் நெருங்கிய வாரம் ஒரு மாலை. மூத்தவர் பசறைப் பக்கமிருந்து திரும்பி வந்து லொறியை நிறுத்தினார். இடப்பக்கக் கண்ணாடி மடங்கிக் கிடந்தது. அதன் இடுக்கில் தேயிலைக் கொழுந்து, காம்போடு. இன்னும் வாடவில்லை.

"எங்கண்ணே உரசிச்சி?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உரசிச்சா?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்தப் பாதையில் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். லொறி தேயிலைப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"பசறையில அரை மணி ஓய்வு போட்டிருந்தேனே. எடுத்தீங்களா?"

"எடுத்தேனே. பக்கத்துக் கடைக்காரரு சாமான இறக்கித் தரச் சொன்னாரு. லொறி சும்மாதான நிக்குது, டீய குடிச்சிக்கிட்டே இறக்கிட்டேன்."

"அப்ப ஓய்வு லொறிக்குத்தான், உங்களுக்கு இல்ல."

"டீச்சரம்மா பாடம் நடத்துறாங்க, கேளுங்கப்பா!" என்று அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு கண்ணை மூடினால் அந்தக் கொழுந்துதான் தெரிந்தது.

மறுநாள் நான் களஞ்சியத்துக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பசறை மலை கண்ணுக்குத் தெரியவில்லை. ஏற்றுக்கூலி ஆட்கள் இருவர் வராததால், விடியுமுன்பே வந்த மூத்தவரே மாவு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். லொறி நிறைந்தபோது ஒன்பது மணி தாண்டியிருந்தது. லொறிக் கதவைச் சாத்த அவர் இரண்டு தரம் தள்ள வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் முதலாளி வெளியே வந்தார்.

"பசறையோட நிக்காம மொனராகலைக்கும் போய்ட்டு வரட்டும் புள்ள. கடைக்காரங்க பெருநாளுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எல்லாமாச் சேத்து ஓட்டம் ஏழு மணித்தியாலந்தானே? ஒன்பதுக்குள்ள நிக்குதே."

ஓட்டம் ஒன்பதுக்குள் நின்றது. மனிதர்தான் பன்னிரண்டுக்குள் நிற்க மாட்டார். ஏற்றியதில் நாலு மணித்தியாலம் ஏற்கெனவே போய்விட்டது. வழியில் கடைகடையாக இறக்க வேண்டும். திரும்பி மலை ஏறும்போது வேலை நாள் பன்னிரண்டு மணித்தியாலத்தைத் தாண்டியிருக்கும். அப்போது நேற்று தேயிலையில் உரசிய அதே வளைவுகளில் பனி இறங்கியிருக்கும். இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன்.

"ஏத்துறதெல்லாம் ஓட்டமா?" என்றார்.

மூத்தவருக்கு அதைவிடக் கோபம். "என்ன புள்ள, எனக்கு ஓட்டத் தெரியாதுங்கிறியா? நீ பொறக்குறதுக்கு முன்னால இருந்து இந்த ரோட்டுல ஓடுறேன்."

"அண்ணே, உங்க வீட்டுல அக்கா பெரட்டுக்குப் போறாங்கல்ல? அங்க காலையில பேர் கூப்பிட்டு, கொழுந்தெடுக்க மலை பிரிச்சுக் குடுக்கிற நேரத்துல ஒரு கொழுந்துகூட எடுக்க மாட்டாங்க. அதுக்காக வேலை நாள் இன்னும் தொடங்கலன்னு கங்காணி சொன்னா சும்மா இருப்பீங்களா?"

மடங்கிய கண்ணாடியை யாரோ நிமிர்த்திவிட்டிருந்தார்கள். மூத்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொனராகலைக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் முதலாளி.

"நான் சொல்லிட்டேன் முதலாளி."

மொனராகலைக்கான மூட்டைகளும் ஏறுவதைப் பார்த்ததுமே, முதலாளி வெளியே வருமுன்பே, அந்தக் கடைகளுக்குப் போன் பண்ணி, சாமான் நாளைக் காலை வேறு டிரைவரோடு வரும் என்று சொல்லிவிட்டேன். நாளைய டிரைவரிடமும் பேசி, இன்றைக்கு வீட்டில் தூங்கச் சொல்லிவிட்டேன். பசறைக்கு மட்டும் இன்னொரு டிரைவரோடு சின்ன லொறி ஏற்கெனவே புறப்பட்டுப் போயிருந்தது. நாளைக்கென நிறைந்து நின்ற பெரிய லொறியின் சாவி என் கைப்பையில் இருந்தது.