பன்னிரண்டாவது திரிக்கட்டு

எண்ணெய்க்கடைக்காரி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டாள். விளக்குக்கு நேர் மேலே, கூரையைத்தான் பார்ப்பாள். கரி படியவில்லை என்று கண்ணுக்கு உறுதியான பிறகுதான் "நல்லா இருக்கீங்களா?" என்பாள். தையல்காரி இந்தப் பழக்கத்தைப் பதினைந்து வருடமாகக் கவனித்திருக்கிறாள். தெருவில் கடைக்காரிக்கு அண்ணாந்தக்கா என்றே பெயர்.

அவள் கடையில் எந்த எண்ணெய் டின்னும் சோதிக்காமல் விற்பனைக்குப் போகாது. ஒரு கரண்டி எண்ணெயை அகலில் ஊற்றி, தன் கையால் திரித்த திரியைப் போட்டு ஏற்றுவாள். சுடருக்கு மேல் வெள்ளைப் பீங்கான் தட்டைச் சற்று நேரம் பிடிப்பாள். தட்டு கறுத்தால் டின் திரும்பிப் போகும். எண்ணெய் தீரும் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்ப்பாள். சீக்கிரம் தீர்ந்தால், "இதுல என்னத்தையோ கலந்திருக்கான்" என்று வியாபாரியின் ஏழு தலைமுறையையும் இழுப்பாள்.

அந்த மழைக்காலத்தில் மாலை ஆனால் மின்சாரம் போய்விடும். தையல்காரிக்குக் கடைசிக் குழந்தை பிறந்து நான்கு மாதம். ஜன்னலை அடைத்த அறையில், தொட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணாந்தக்காவின் எண்ணெயும் திரியும்தான் எரிந்தன. மூன்றாவது வாரம் குழந்தைக்கு இருமல் பிடித்தது. மூச்சு இழுக்கும்போது சின்ன நெஞ்சு குழிந்தது. மருத்துவர் மருந்து எழுதிவிட்டு, "வீட்டுல புகை இருக்கா?" என்று கேட்டார்.

தையல்காரி நேரே கடைக்குப் போனாள். "அக்கா, பிள்ளை மூக்கைத் துடைச்சா துணி கறுப்பா வருது."

"அடுப்புப் புகையா இருக்கும்டி."

"அடுப்பு வெளித் தாழ்வாரத்துல இருக்கு. உங்க விளக்குதான் தொட்டில் பக்கத்துல இருக்கு."

அண்ணாந்தக்காவுக்குச் சுருக்கென்றது. அங்கேயே அகல் ஏற்றித் தட்டைப் பிடித்தாள். தட்டு வெள்ளையாகவே இருந்தது. "பாத்துக்க. இதுல முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம்."

"தட்டு வெள்ளையா இருந்து என்னக்கா பண்றது? என் பிள்ளை மூக்கு கறுப்பா இருக்கே."

அண்ணாந்தக்கா தட்டைக் கீழே வைத்தாள். கடையைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்தாள். அறைக்குள் நுழைந்து வழக்கம்போல் அண்ணாந்தவள் தலையை இறக்கவே இல்லை. கூரையில் ஒரு முறம் அளவுக்குக் கறுப்பு வட்டம். தொட்டிலிலிருந்து வந்த இழுப்புச் சத்தம் கேட்டது.

அகலின் மூக்கில் மிளகு போல ஏதோ ஒட்டியிருந்தது. அண்ணாந்தக்கா நகத்தால் நெருடினாள். உதிரவில்லை. "கரின்னா பொடியணுமே" என்று முணுமுணுத்தாள்.

தையல்காரியும் குனிந்து பார்த்தாள். துணி பருத்தியா இல்லையா என்று பார்க்க நூலைக் கொளுத்துவது அவள் தொழிலில் அன்றாட வேலை. கடையில் வாங்கிய திரிக்கட்டிலிருந்து ஒரு புதுத் திரியை உருவி, நுனியைத் தீக்குச்சியில் காட்டினாள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரவேண்டும். சாம்பல் பூவாய் உதிரவேண்டும். நுனியோ சுருண்டு உருகியது, கரும்புகை நூலாய் எழுந்தது, முடிவில் கெட்டியான கறுப்பு மணி ஒன்று நின்றது.

"இது முழுப் பருத்தி இல்லக்கா. பாலியஸ்டர் கலந்திருக்கு."

விரல் மடங்காமல் போனதால் அந்த மாதம்தான் அண்ணாந்தக்கா திரிப்பதை நிறுத்தி, நூல் மில் கழிவு விற்பவனிடம் பன்னிரண்டு கட்டுத் திரி வாங்கியிருந்தாள். தன் திரியைவிட வெள்ளையாக இருக்கிறதே என்று மகிழ்ந்தும் இருந்தாள். எண்ணெயைச் சோதிக்கும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் வீட்டில் மிச்சமிருந்த பழைய திரியைத்தான் போட்டாள். விற்ற திரியை ஒருநாளும் ஏற்றிப் பார்க்கவில்லை.

குழந்தை பிழைத்தது, இழுப்பு மட்டும் மழைக்கு மழை வந்தது. அண்ணாந்தக்கா வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினொரு கட்டுகளைத் திரும்ப வாங்கிக் கிணற்றடியில் புதைத்தாள். பன்னிரண்டாவதை வாங்கியவள் ஒரு வெளியாள். மழையில் குடையை மடக்காமலே கடை வாசலில் நின்றிருந்தாள், முகம் தெரியவில்லை. அவள் கேட்டது மட்டும் அண்ணாந்தக்காவுக்கு நினைவிருந்தது: "கைக்குழந்தை இருக்கிற ரூமுக்கு எது நல்லது?"

"நான் 'தைரியமா ஏத்தும்மா'ன்னு சொன்னேன்டி" என்றாள் அண்ணாந்தக்கா.

அதன் பிறகு அவள் தெருவில் நடந்தாலே முன்பின் தெரியாதவர்களின் ஜன்னல் வழியே கூரையைப் பார்த்தாள். சிலர் திட்டினார்கள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு வருடம் தேடினாள். படுக்கையில் விழுந்த பிறகு, குடையோடு யார் போனாலும் கூப்பிடச் சொன்னாள். ஒருநாள் அவள் மூச்சோடு அந்தக் கூப்பிடலும் நின்றது.

தையல்காரி கடைசியாகப் பார்க்கப் போனபோது அண்ணாந்தக்கா தன் கையால் திரித்த ஒரு கட்டை அவளிடம் கொடுத்திருந்தாள். மடங்காத விரல்களால் திரித்தது. கோணல்மாணலாக இருந்தது, ஆனால் சுத்தப் பருத்தி. "அந்தக் குடைக்காரிகிட்ட குடுத்துடு. நான் வித்ததை வாங்கிட்டு வந்துடு."

அந்தக் கட்டு, தையல் எந்திரத்தின் இழுப்பறையிலேயே கிடக்கிறது. மழை பிடித்தால் தையல்காரி வாசலைப் பார்க்கிறாள். குடைகள் போய்க்கொண்டிருக்கின்றன.