மறந்துபோன டார்ட்

ஓசூரில் ஏற்றுமதி ஆடைகள் தைக்கும் கம்பெனியில் வருஷக்கணக்கில் நான் உடுப்பின் இடது கை மட்டுமே தைத்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் தோளில் சேர்ந்து என் மெஷினுக்கு வரும். இடது கையை ஏற்றி அடுத்தவளிடம் தள்ளிவிடுவேன். வலது கை அவளுடையது. ஊத்தங்கரையில் வீட்டில் கேட்டால் டிரஸ் தைக்கிறேன் என்பேன். சொல்லும்போதே பொய் சொல்வதுபோல் இருக்கும். ஒரு முழு உடுப்பை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

அதனால்தான், உடுப்பின் துண்டுகளைக் காகிதத்தில் வரைகிற பேட்டர்ன் ரூமில் ஆள் குறைந்தபோது முந்திக்கொண்டு போய்க் கேட்டேன். மாஸ்டர் கன்னடக்காரர், அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர், என் வயதுதான் இருக்கும். இரண்டு படங்களைக் கொடுத்தார். இடுப்புக்குக் கீழே பாவாடைத் துண்டுபோல் விரிகிற பெப்ளம் டாப் ஒன்று. மார்புக்கு மேலே யோக் என்கிற தனித்துண்டு வைத்து, அதன் கீழ் சுருக்கு விழுகிற கவுன் ஒன்று. இரண்டையும் பேசிக் பிளாக்கிலிருந்து வரைந்து, வெட்டி, நானே தைத்துக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் அந்த மேஜை எனக்கு, இல்லாவிட்டால் மறுபடி இடது கை. சொல்லிவிட்டு அவர் பெங்களூருக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பிளாக் என்பது தடித்த அட்டையில் வெட்டிய வெறும் உடம்பு. கையில்லை, காலரில்லை, துணியை மடித்துப் பிடித்துத் தைக்கிற டார்ட் மட்டும் இடுப்பில் கூம்பாக வரைந்திருக்கும். பெப்ளத்துக்கு அதை இடுப்புவரை காகிதத்தில் எடுத்தேன். கீழ்த்துண்டைத் தனியாக வரைந்து, அடியிலிருந்து மேலே கீறி விரித்தேன். மேல்விளிம்பு அப்படியே இருக்க, அடிப்பக்கம் மட்டும் அகலமானது. அந்த மேல்விளிம்பு எவ்வளவு இருக்க வேண்டும்? டேப்பை எடுத்து பிளாக்கின் இடுப்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அளந்து, அதையே வைத்தேன்.

யோக் கவுனுக்கு பிளாக்கைக் குறுக்கே, கை ஏறும் வளைவிலிருந்து வளைவுக்கு வெட்டினேன். மேலே யோக். கீழ்ப்பாகத்தை நீளமாகக் கீறி, சுருக்குக்காக விரித்து, கவுன் நீளத்துக்கு இறக்கினேன். துணியை வெட்டி முடித்த பிறகுதான் டார்ட்டைக் குறிக்கவே இல்லை என்பது உறைத்தது. துணி போய்விட்டதே, இனி என்ன செய்ய?

தைக்கும்போது நடந்ததோ நேர்மாறு. மறந்து வெட்டிய கவுன் சமர்த்தாக வந்தது. அளந்து வெட்டிய பெப்ளம் மேல்துண்டோடு சேரவில்லை. மேல்துண்டில் டார்ட்டைப் பிடித்துத் தைத்ததும் இடுப்பு சிறுத்துவிட்டது, பெப்ளத்தில் துணி மிஞ்சியது. மிஞ்சினால் என்ன செய்வது என்று மட்டும் என் விரல்களுக்குத் தெரியும். கையின் மேல்வளைவு எப்போதும் உடம்பின் வளைவைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். அந்த மிச்சத்தை விரலால் தள்ளித் தள்ளி தையலுக்குள் அடக்குவதுதான் அதுவரை நான் பார்த்த வேலை. பெப்ளத்தையும் அப்படியே அடக்கினேன்.

மாஸ்டர் வந்து இரண்டையும் பொம்மைக்கு மாட்டினார். பெப்ளம் இடுப்பில் படியாமல், குட்டிப் பாவாடை கட்டினதுபோல் உப்பிக்கொண்டு நின்றது. கவுன் அழகாக விழுந்தது. அவர் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுலயும் நீ டார்ட்டை மறந்திருக்கம்மா. பெப்ளத்துல அளக்கும்போது மறந்தது தப்பு. கவுன்ல மறந்ததுதான் சரி. கவுன் ஏன் சரியா வந்துச்சுன்னு சொல்லு, இங்கயே இருந்துக்க."

ஒரே மறதி ஓரிடத்தில் தப்பு, இன்னோரிடத்தில் சரி என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது? பொம்மையைப் பார்த்தேன், காகிதத்தைப் பார்த்தேன்.

"தெரியலங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். மறுநாள் பழைய மெஷினுக்கே போனேன். பத்து நாளைக்கு எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

பிறகு நான் வரைந்த அந்தக் கவுனுக்கு ஆர்டர் வந்தது. கட்டுக் கட்டாக என் வரிசைக்கே வந்தது, யோக்கும் சுருக்கும் ஏற்கெனவே சேர்ந்து. இடது கையின் மிச்சத்தை அடக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலேயே அந்தச் சுருக்கு கண்ணில் பட்டது. உடம்பை ஒட்ட வேண்டிய உடுப்பில் இடுப்பின் மிச்சத்தை டார்ட் தின்றுவிடுகிறது. தின்றதைக் கழித்துத்தான் பெப்ளத்தை அளந்திருக்க வேண்டும். கவுன் இடுப்பை ஒட்டவே இல்லை. மிச்சம் தொளதொளவென்று தொங்குவதற்குத்தானே அது, அங்கே டார்ட்டுக்கு என்ன வேலை? இவ்வளவுதான். கேட்ட அன்று வராத பதில், யாரும் கேட்காத நேரத்தில் வந்து நின்றது. எனக்கு அழுகையாக வந்தது.

வலது கை ஏற்றக் கவுனைக் கேட்டு வந்த பக்கத்து மெஷின்காரி, துணியைப் பிடித்துப் பார்த்தாள்.

"சுருக்கு நல்லா விழுந்திருக்குல்ல. யாரு வரைஞ்சது?"

மாஸ்டராக இருக்கும் என்று சொல்லி, கவுனை அவளிடம் தள்ளினேன்.