இடப்பக்கத்துச் சடை

கடலூரில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் பாசி பிடித்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மழை வருகிறதென்று துணி எடுக்க ஓடினேன். வழுக்கி, வலது தோள் தரையில் மோத விழுந்தேன். தோளோடு சேரும் இடத்தில் மேல்கை எலும்பு உடைந்தது. ஆபரேஷன் வேண்டாம், கழுத்தில் பட்டை மாட்டிக் கையைத் தொங்கவிட்டால் கூடிவிடும் என்றார்கள். கூடியது. ஆனால் எலும்பு கூடுவதற்குள் தோள் இறுகிப்போய்விட்டது. பட்டையைக் கழற்றிய அன்று கையை மேலே தூக்கச் சொன்னார்கள். நெஞ்சுக்கு மேல் போகவில்லை.

நான் தனியாக இருப்பவள். ஏன் என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் இல்லை. விழுந்த மறுநாளே தம்பி வந்து என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்விட்டான். அண்ணாமலை நகருக்குப் பக்கத்தில் வீடு. தம்பியின் மனைவி பள்ளிக்கூடத்து ஆசிரியை. நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். முதலாளி என் இடத்துக்கு ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டிருப்பதாகப் போனில் சொன்னார். அந்தத் தற்காலிகமாக என்ற சொல்லை அவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இடது கையால் சாப்பிடப் பழகினேன். நைட்டியில் முதலில் வலிக்கிற கையை நுழைத்துவிட்டு அப்புறம் நல்ல கையை நுழைக்க வேண்டும் என்று பழகினேன். குளிக்கவும் துணி அலசவும் பழகினேன். தலை மட்டும் பழகவில்லை. இடுப்பு வரை முடி. அதைப் பின்னால் மூன்றாகப் பிரித்துப் பின்ன இரண்டு கையும் கழுத்துக்குப் பின்னால் போக வேண்டும். விரித்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடமாட முடியாது, தெருவுக்கு எப்படிப் போவது? கிராப் வெட்டிவிடலாம் என்று தம்பி சொன்னான், பார்லர் பக்கத்திலேயே இருக்கிறதாம். வெட்டினால் மட்டும் என்ன, கழுத்தளவு முடியைக் கட்டவும் முடியாது, கட்டாமல் விடவும் முடியாது. அதோடு, ஐம்பது வயதில் எனக்கென்று இருக்கும் ஒரே ஆடம்பரம் அது. அதை ஒரு பாசிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே என் தலை தம்பி மனைவியின் கைக்குப் போனது. அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன், காலையில் நாற்காலியில் உட்காருவாள். நான் அவள் காலடியில் பலகையில் உட்காருவேன். எண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியில் தேய்ப்பாள். வேலைக்குப் போகாத எனக்கு, கல்யாணத்துக்குப் போகிறவள் போலக் காலையிலேயே சடை முடிந்துவிடும். அவள் பின்னுவது இறுக்கமான சடை. நெற்றித் தோல் பின்னால் போய்விடும். பிடரியில் இருக்கும் பூனை முடியெல்லாம் சேர்த்து இழுத்துக்கொள்வாள். கண்ணில் தண்ணீர் முட்டும். மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும்.

"சாயந்திரம் நான் வர்ற வரைக்கும் தாங்கணும்ல அண்ணி, அதான்" என்பாள்.

"நல்லா இருக்கும்மா" என்பேன் நான். மருந்துக்கடையில் சீட்டைச் சரியாக எழுதாத டாக்டருக்கே போன் போட்டுச் சண்டை பிடிக்கிறவள் நான். அந்த வாய் அந்தப் பலகையில் உட்கார்ந்ததும் எங்கே போகுமோ தெரியாது.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கடலூருக்குப் போகிறேன் என்றேன். தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தலைய நீயே கட்டிக்கிற அன்னைக்குப் போ. நான் ஒண்ணும் புடிச்சி வெக்க மாட்டேன். அது வரைக்கும் இங்கதான்."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னான், எனக்கும் அது தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் ரசம் இறங்கவில்லை. என் வீடு, என் கடை, என் சாவி எல்லாம் ஒரு சடையின் மறுபக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

பிசியோதெரபிக்குத் தினமும் ஆட்டோவில் போய்வந்தேன். சுவரில் விரல்களால் ஏறுவது, கப்பிக் கயிற்றை நல்ல கையால் இழுத்து வலிக்கிற கையை மேலே கொண்டுபோவது, குனிந்து நின்று கையைச் சும்மா ஆட்டுவது. அங்கே இருந்த பெண்ணிடம் என் தலைப் பிரச்சினையைச் சொன்னேன். சின்ன வயதுதான், ஆனால் சிரிக்கவில்லை.

"தூக்கிக் காட்டுங்க மேடம்" என்றாள். தூக்கினேன். "கை போகல, தோளத்தான் காதுகிட்ட கொண்டு போறீங்க. அப்படி ஏமாத்தாதீங்க, கழுத்து புடிச்சுக்கும். கைய வுடுங்க. தலைய அது கிட்ட கொண்டு வாங்க."

முழங்கையை மேசைமேல் ஊன்றி, நெற்றியைத் தாழ்த்தச் சொன்னாள். விரல் நெற்றி முடியைத் தொட்டது. பல நாள் கழித்து என் வலது கை என் தலையைத் தொட்டது, விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்து வருகிற ஓர் அம்மா கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வலது தோள்தான், சர்க்கரையால் இறுகியது.

"நீங்க ஏம்மா பின்னால போயி கஷ்டப்படுறீங்க?" என்றார். துப்பட்டாவுக்குள்ளிருந்து இடது தோள் வழியாக முன்னால் ஒரு சடையை எடுத்துக் காட்டினார். "நான் முன்னாலதான் போட்டுக்கிறேன். எனக்கு மேல துணி கெடக்கு, கோணலா இருந்தா யாருக்குத் தெரியப்போவுது."

"ஏன் இடப்பக்கம்?"

"வலது கை நெஞ்சுக்கு குறுக்கால போவுது. வெளிய திருப்பினாத்தானே உசிரு போவுது."

வீட்டில் எல்லோரும் கிளம்பிய பிறகு, கட்டிய சடையை அவிழ்த்து ஒத்திகை பார்த்தேன். தலையை இடது பக்கம் சாய்த்து, இடது கையால் முடி முழுவதையும் முன்னால் இழுத்து, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் கவ்விக்கொள்ள வேண்டும். வாயில் வைத்திருக்கும் கிளிப்பை அதே இடது கையால் எடுத்துக் காதுக்குக் கீழே கடிக்க வைக்க வேண்டும். பிறகு மடியில் தலையணை வைத்து, அதன்மேல் வலது முழங்கையை வைத்துக்கொண்டு, கிளிப்புக்குக் கீழே பின்னத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு பின்னல்தான் கஷ்டம். சடை கீழே இறங்க இறங்கக் கையும் இறங்குவதால் வலி குறைந்துகொண்டே வரும். நுனியில் ரப்பர் பேண்டு போடுவது சின்னப் பிள்ளை வேலை.

ஆனால் கிளிப் நிற்கவில்லை. பாதிச் சடையில் இருக்கும்போதே வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். பெரிய கிளிப் வாங்கினேன், அதுவும் இறங்கியது. பல் நெருக்கமானது வாங்கினேன், அது கழன்று கட்டிலுக்கடியில் போனது. தினமும் தோற்றுவிட்டு, சாயந்திரம் அவள் வருவதற்குள் தலைவிரி கோலத்தை இடது கையால் சுருட்டி வைத்துக்கொள்வேன். சடை அவிழ்ந்துவிட்டது என்பேன். அதைக் கேட்டு அவள் மறுநாள் இன்னும் இறுக்கிப் போடுவாள்.

தலைக்குக் குளித்த ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. எண்ணெய் வைக்காமல் பின்னிவிட்டு ஓடினாள். அன்று அவிழ்த்துப் பார்த்தேன். கிளிப் கடித்த இடத்தில் அப்படியே நின்றது. எனக்கு முதலில் விளங்கவில்லை. கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, விரலில் பிசுக்கு இல்லை. இத்தனை நாள் என்னைத் தோற்கடித்தது என் தோள் இல்லை, அவள் உள்ளங்கை நிறைய ஊற்றிய தேங்காய் எண்ணெய்.

எண்ணெய் வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு எண்ணெய் வேண்டாம் என்று பொய் சொன்னேன். இரண்டு தடவை தும்மியும் காட்டினேன். அவள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சீப்பை எடுத்தபோது நான் சடையோடு வந்து நின்றேன். கோணல்தான். காதுக்கு மேலே இரண்டு கொத்து பிதுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது சடை. தம்பி பேப்பரை இறக்கிப் பார்த்தான்.

"இது என்ன, முன்னால?"

"தலைய நானே கட்டிட்டேன். நாளைக்குக் காலைல கெளம்புறேன்."

"சடைன்னா பின்னால போடுறது. இது செல்லாது."

"நீ சொன்னது தலைய கட்டிக்கணும்னுதான். எந்தப் பக்கம்னு சொல்லல. சரி, உன் சட்டைய ஒரு கையில போட்டுக் காட்டு பாக்கலாம்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். பிதுங்கிய முடியைச் சரி செய்ய அவள் கை நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அவுங்க தலை, அவுங்க போட்டுக்கிட்டாங்க. இனிமே என்ன, பஸ் எத்தனை மணிக்குன்னு பாருங்க" என்றாள். குரல் கொஞ்சம் சப்பென்று இருந்தது. சீப்பை எடுத்த இடத்தில் வைத்தாள்.

மறுநாள் கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். காற்றில் முடி பறந்து பாதி வழியிலேயே சடை தளர்ந்துவிட்டது. வீட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, மடியில் தலையணை வைத்து மறுபடி பின்னினேன். யாரும் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் தற்காலிகப் பெண் என் முன்பக்கச் சடையைப் பார்த்துவிட்டு ஃபேஷனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முதலாளி அவளை வேறு கவுன்டருக்கு மாற்றினார்.

இப்போது கை காது வரை வருகிறது. அதற்கு மேல் வருமா என்று பிசியோதெரபிப் பெண் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சடை நிரந்தரமாக இடப்பக்கம்தான்.

போன மாதம் ஒரு விசேஷத்துக்குச் சிதம்பரம் போயிருந்தேன். புடவை கட்டி முடித்ததும், தம்பி மனைவி கையில் பூவோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நானே போட்ட சடையை அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் சீவினாள், மூன்றாகப் பிரித்தாள், இழுத்தாள். நெற்றி பின்னால் போனது. பிடரி முடி சுளீர் என்றது.

"இழுக்காதம்மா, வலிக்குது."

கை நின்றது.

"எப்பவும் போடுற மாதிரிதானே அண்ணி போடுறேன்."

"எப்பவும் வலிச்சுது."

சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"அப்ப சொல்ல முடியுமா?" என்றேன்.

அவள் பின்னியதை அடிவரை அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து தளரப் பின்னத் தொடங்கினாள்.