வாய்தா அண்ணன் எழுதிய காய்ச்சல்

எங்கள் தெருவில் வரி ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை வாய்தா அண்ணன் என்று கூப்பிடும். விசாரணைத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி வரி அதிகாரிக்கு மனு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் பேனாவுக்கு முன்னால் ஆரோக்கியம் என்பது தற்காலிகமானது. மளிகைக்காரருக்கு மூட்டுவலி, மரக்கடைக்காரருக்கு வெளியூர்ப் பயணம் என்று யாருக்கு எது வரவேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். ஒரே ஆளுக்கு ஒரே நோயை இரண்டு முறை தரமாட்டார். அது அவருடைய தொழில் தர்மம்.

அந்த முறை காய்ச்சல் தையல்கடை அக்காவுக்கு வந்தது.

அக்கா தன் பில்களையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு எப்போதோ கொடுத்துவிட்டார். அந்தப் பை அண்ணன் மேஜைக்கடியில் கால் வைக்க வாகாக இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டது. புதன்கிழமை விசாரணை என்று நோட்டீஸ் வந்தபோதுதான் அண்ணன் காலை எடுத்தார். கணக்கு எதுவும் தயாரில்லை. உடனே மனு பிறந்தது: கடும் காய்ச்சல், மருத்துவர் ஒரு வாரம் படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார், சான்று பின்னர் தருகிறோம், அடுத்த வாரம் புதன்கிழமை தேதி தந்து உதவவும். அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் திங்கட்கிழமையே மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் அக்காவின் கணவர் வந்து நின்றார்.

"அண்ணே, அவ எந்திரிக்க மாட்டேங்குறா."

"என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. எழுதிக் கொடுத்தாச்சு, படுத்துத்தான் ஆகணும்ங்குறா. திங்கட்கிழமையிலேருந்து கடை பூட்டிக் கிடக்கு."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர்ணே. வெள்ளிக்கிழமை கொடுக்கலைன்னா வேற கடைக்குக் கொடுத்துடுவேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார். நான் சொன்னா கேக்கமாட்டா. நீங்க சொல்லுங்க."

அண்ணன் போனார். அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். நெற்றியில் ஈரத்துணி வேறு.

"அக்கா, அதெல்லாம் சும்மா வழக்கத்துக்கு எழுதுறதுக்கா. யாரும் வந்து பார்க்கமாட்டாங்க."

"யாரும் பார்க்கலைன்னா நான் கையெழுத்துப் போட்டது பொய்யாயிடாம இருக்குமா தம்பி?"

"இப்ப நீங்க படுத்திருக்கறதும் பொய்தானே?"

"அந்த அளவுக்காவது குறையட்டும்னுதான் படுத்திருக்கேன். நீங்க போய் அதை வாபஸ் வாங்கிட்டு வாங்க, எந்திரிக்கிறேன்."

பை மேஜைக்கடியில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணனிடம் பதில் இருந்திருக்கும். பதில் சொல்வது அவர் தொழில். கேட்காததற்குத்தான் அவரிடம் ஒன்றும் இல்லை.

வரி அலுவலக மாடிப்படியில் அண்ணன் மெதுவாக ஏறினார். மனுவை வாபஸ் வாங்கினால் இன்றே விசாரணை. கணக்கு இல்லாமல் போய் நின்றால், கையில் இருக்கும் தகவலை வைத்து அதிகாரி தானாகவே வரியைத் தீர்மானித்துவிடலாம். அக்காவின் செலவில் ஒன்றுகூடக் கழியாது. வாபஸ் வாங்காவிட்டால் பள்ளிக்கூட ஆர்டர் போகும். இரண்டில் எது நடந்தாலும் அடி அக்காவுக்கு. தன் முதுகில் ஒரு கீறல் கூட விழாது. இந்தக் கணக்கு மட்டும் அண்ணனுக்கு உடனே வந்தது.

அதிகாரி அம்மா மனுவைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தையல்கடைக்காரங்களுக்குக் காய்ச்சலா? மரக்கடைக்காரர் ஊர்லேருந்து திரும்பிட்டாரா?"

"மேடம், காய்ச்சல் இல்ல. பில்லெல்லாம் எப்பவோ என்கிட்ட வந்துடுச்சு. நான்தான் பார்க்கலை. தப்பு என்னோடது."

அதிகாரி பேனாவை வைத்தார். "இதை எழுதித் தருவீங்களா?"

அண்ணன் ஒரு தாள் வாங்கி எழுதினார். எத்தனையோ நோய்களை எழுதிய கைக்கு 'என் கவனக்குறைவால்' என்ற சொல் வர ரொம்ப நேரம் பிடித்தது. அதிகாரி அதைப் படித்துவிட்டு, கோப்பில் குறிப்பு எழுதினார். அடுத்த வாரமெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம், இறுதி வாய்ப்பு.

"இனிமே உங்க மனு எது வந்தாலும் டாக்டர் சர்டிஃபிகேட் முதல்ல வேணும். உண்மையா ஒருத்தருக்கு முடியாம போனாலும்."

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் அவர் படியிறங்கினார். யாருக்கு வரும் என்று தெரியாத ஒரு நிஜக் காய்ச்சலுக்கும் அவரே பொறுப்பாகிவிட்டார்.

மதியமே கடை திறந்தது. அக்கா மெஷினில் உட்கார்ந்தார். அண்ணன் துணி வெட்டும் மேஜையின் ஒரு மூலையில் பையைக் கொட்டி, நூல் பில், துணி பில், மின்சார பில் என்று பிரித்தார். மறுநாளும் அங்கேயேதான் இருந்தார். அக்கா மெஷினை நிறுத்தாமல் சொன்னார்:

"பரவாயில்ல தம்பி. படுத்ததுல முதுகுவலி கொஞ்சம் விட்டிருக்கு."

திட்டியிருந்தால் அண்ணன் நிம்மதியாக வேலை பார்த்திருப்பார். தலையை நிமிர்த்தாமல் அடுத்த பில்லை எடுத்தார்.