மரக்குடத்தின் மெய்யளவு

என் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெண்மணி மரச் சொப்புச் சாமான் வணிகம் செய்பவர். அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளிலிருந்து குடம், உரல், அடுப்பு, திருகை என்று சிறுமியர் வீடுகட்டி விளையாடும் பொருள்களை வருவித்து, மெருகையும் நிறத்தையும் சரிபார்த்துப் பெட்டியிலிட்டுக் கடைகளுக்கு அனுப்புவார். கணவர் சவூதியில் பண்டகசாலை ஒன்றில் பணியாற்றினார். அவருடைய ஒப்பந்தம் அம்மாத இறுதியில் முடிவதாயிருந்தது. மறுபடியும் கையொப்பமிட்டால் மேலும் இரண்டாண்டு அங்கேயே இருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்துவிட்டால், கையொப்பமிடாமல் பாளையங்கோட்டைக்குத் திரும்பி மனைவியின் வணிகத்திலேயே சேர்ந்துகொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தனர்.

கோலாலம்பூரில் வீட்டுச் சாமான் கடை நடத்தும் தமிழர் ஒருவர், கணவரின் பணித்தோழருக்கு உறவு. அவர் கேட்டதெல்லாம் ஒரே ஒரு பக்கம். படமும் விளக்கமும் பொருளின் எண்ணும் அதில் இருக்க வேண்டும்; அச்செடுத்துக் கடைமேசையில் வைக்கத்தக்கதாக இருக்க வேண்டும்; விலையைத் தனியே பேசிக்கொள்ளலாம்; எண்ணைச் சொல்லியே ஆர்டர் தருவேன் என்று சொல்லியிருந்தார்.

அம்மையாரிடம் எக்செல் பட்டியல் ஒன்று முன்னமே இருந்தது. வரிக்கு ஒரு பொருள். முதற்பத்தியில் எண், அடுத்ததில் பெயர், பிறகு நிறம், இருப்பு. விளக்கத்திற்கு ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டு மாடியேறி வந்தார்.

"ஐயா, நீங்க எழுதுனா அதுக்கு ஒரு அந்தஸ்து வரும். நான் எழுதுனா 'நல்ல குடம்'னுதான் எழுதுவேன்."

முப்பதாண்டுக் காலம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவனை இப்படிக் கேட்டால் மறுப்பானா? இரண்டு நாள் அமர்ந்து பன்னிரண்டு பொருளுக்கும் எழுதினேன். குடத்திற்கு, "திரண்ட வயிறும் குறுகிய கழுத்தும் விரிந்த வாயும் அமைந்து, இடுப்பில் ஏந்துதற்கு இசைந்த வடிவினது" என்று தொடங்கி ஐந்து வரி வந்தது. நான் நிறைவோடு இருந்தேன்.

பக்கம் அமைக்க முருகன்குறிச்சியில் ஒரு டி.டி.பி. கடைக்குச் சென்றோம். திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி ஆகிய மூன்றுமே அக்கடையின் அன்றாடம். நெல்லையில் வணிகரை அழைப்பதுபோல் அம்மையார் அவரையும் அண்ணாச்சி என்றே அழைத்தார். அவரோ பட்டியலைப் பார்த்ததும், "பன்னெண்டு பொட்டியும் கையால அடுக்கணும்னு பாத்தீகளா? ஒரு பொட்டி செஞ்சாப் போதும். மிச்சத்த அதுவே நிரப்பிக்கிடும்" என்றார்.

அவர் செய்ததை அருகிலிருந்து கண்டேன். பட்டியலில் படத்துக்கென்று ஒரு பத்தி சேர்த்து, அதன் தலைப்புக்கு முன்னால் @ குறியிட்டார். அக்குறி இருந்தால்தான், அப்பத்தியில் இருப்பது சொல்லன்று, படக்கோப்பின் பெயர் என்று பக்க அமைப்பு மென்பொருள் அறியுமாம். ஆனால் அதைத் தட்டியதும் எக்செல் அதனைக் கணக்குச் சூத்திரம் என்று எண்ணி ஏற்க மறுத்தது. முன்னால் ஒரு மேற்கோள் குறி இட்டபின் பணிந்தது. ஒவ்வொரு படக்கோப்புக்கும் பொருளின் எண்ணையே பெயராக வைத்தார். பிறகு பட்டியலை யூனிகோடு உரைக்கோப்பாகச் சேமித்தார். சாதாரணமாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும் என்றார். என் ஐந்து வரியும் கேள்விக்குறியாவதை எண்ணிச் சற்றே நடுங்கினேன்.

அடுத்து வெற்றுப் பக்கத்தின் மூலையில் ஒரு படச்சட்டம், அதன்கீழ் விளக்கத்துக்கு ஒரு சட்டம், அடியில் எண்ணுக்கு ஒரு சட்டம் வரைந்தார். மூன்றிலும் பத்திகளின் பெயரை இட்டு, குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். பன்னிரண்டு கட்டங்களும் பொருள்களோடு ஒருசேர எழுந்து நின்றன. ஒவ்வொரு விளக்கச் சட்டத்தின் மூலையிலும் சிறு சிவப்புக் கூட்டற்குறி ஒன்று தெரிந்தது.

"அது என்ன குறி?"

"இடம் பத்தலன்னு அர்த்தம் சார். நீங்க எழுதுனதுல பாதி உள்ள கெடக்கு. அச்சுல வராது."

"சட்டத்தைப் பெரிதாக்கலாமே?"

"ஆக்கலாம். படத்தச் சின்னதாக்கணும். அக்கா, எது வேணும்? படமா, சார் தமிழா?"

அம்மையார் என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டும் வேணும் அண்ணாச்சி. படம் கொஞ்சம் கூடுதலா வேணும்" என்றார்.

அங்கேயே அமர்ந்து ஐந்து வரியை இரண்டாக்கினேன். திரண்ட வயிறு நீங்கிற்று. அது படத்திலேயே தெரிந்தது. விரிந்த வாயும் நீங்கிற்று. "இடுப்பில் ஏந்த இசைந்த வடிவம்" என்பதை மட்டும் விட மனமின்றி வைத்துக்கொண்டேன். சிவப்புக் குறிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. தலைப்பில் அம்மையார் பெயரின் கீழ் "மரக் கடைசல் சாமான்கள்" என்று அண்ணாச்சி அழகிய எழுத்தில் இட்டார். படங்கள் யாவும் சட்டத்தை நிறைத்துக்கொண்டு ஒளிர்ந்தன. மூவரும் வியந்து பார்த்தோம். பக்கம் அன்றே கோலாலம்பூருக்குச் சென்றது.

மறுநாட் காலை அம்மையார் கைப்பேசியோடு மேலே வந்தார். மலேசிய வணிகரின் குரற்பதிவை எனக்கு ஒலிக்கச் செய்தார்.

"படம் நல்லா இருக்குங்க. அந்தக் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும்? மரத்துல தண்ணி ஊத்தி வச்சா ஊறிப் போகாதா? திருகையில பயறு உடைச்சா மரத்தூள் கலந்து வரும்னு என் மனைவி சொல்றாங்க. அடுப்பு வேற மரத்துல இருக்கு. அது எப்படிங்க எரியாம இருக்கும்? எங்க கடைக்கு இது சரிப்படுமான்னு தெரியல."

அம்மையார் சிரிக்கவில்லை. "ஐயா, நம்மளக் கேலி பண்ணுதாகளா?"

"இல்லை அம்மா. மெய்யாகவே கேட்கிறார்."

நான் பக்கத்தை எடுத்து, அதை முன்பின் அறியாத ஒருவன்போல் பார்க்க முயன்றேன். உள்ளங்கையில் அடங்கும் குடமும், அதனிற் சிறிய செம்பும், எல்லாவற்றினும் பெரிய உரலும் ஒரே உயரத்தில் நின்றன. சட்டத்துக்கேற்பப் படத்தை நிறைக்கச் சொன்னதால் கணினி எல்லாவற்றையும் சமமாக்கியிருந்தது. பட்டியலிலோ அளவுக்கென்று பத்தியே கிடையாது. ஒருபோதும் இருந்ததில்லை. பட்டறைக்காரரும் வாங்கும் கடைக்காரரும் அம்மையாரும் டி.டி.பி. அண்ணாச்சியும் நானும், மரக்குடம் என்றதுமே கைக்குள் அடங்கும் பொருளைக் காணப் பழகியவர்கள். இங்கே அதன் அளவை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அதை இடுப்பில் ஏந்தலாம் என்று வேறு நான் எழுதி வைத்திருந்தேன்.

அம்மையாரின் கவலை வேறு. "நேத்து ராத்திரி சவூதியிலருந்து அவுக கேட்டாக, என்னாச்சுன்னு. பக்கம் போயிட்டுன்னு சொன்னேன். சந்தோசப்பட்டாக. இனி என்னத்தச் சொல்ல?" ஒப்பந்தத்தில் கையொப்பமிட அவருக்கு அந்த வாரந்தான் எஞ்சியிருந்தது.

மீண்டும் முருகன்குறிச்சிக்குப் போனோம். அண்ணாச்சி குரற்பதிவைக் கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். அம்மையார் சிரிக்காததைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"'விளையாட்டுச் சாமான்'னு தலைப்புல போட்ருவோம். ஒரே சொல்லு. முடிஞ்சிது."

"போடுங்க. ஆனா அவருக்கு எம்புட்டுச் சின்னதுன்னு தெரியணும்லா? கடைக்காரரு கண்ணால பாக்கணும்" என்றார் அம்மையார்.

அளவை விளக்கத்தில் சேர்க்கலாம் என்றேன். அங்குலம் என்று எழுதினால் போதும் என்று நினைத்தேன். அண்ணாச்சி ஒரு காசைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கலாம் என்றார். நம் ஊர்க் காசின் அளவு கோலாலம்பூரில் யாருக்குத் தெரியும் என்று அம்மையார் கேட்டதும் அவர் அதைக் கைவிட்டார். பிறகு அம்மையார் தம் பையிலிருந்த மரச்செம்பை எடுத்து, அச்சிட்ட பக்கத்தில் செம்பின் படத்தின்மேல் வைத்தார். படம் செம்பைவிட இரட்டிப்பாய் வெளியே பிதுங்கி நின்றது.

"இது சரியா மூடுத மாதிரி அச்சடிக்க முடியாதா அண்ணாச்சி?"

அண்ணாச்சி சட்டத்தை அளந்தார். அவர் பையிலிருந்த குடத்தை வாங்கி அதையும் அளந்தார். "முடியும். எல்லாம் அடங்கிரும். உரல் ஒலக்கைதான் இடிக்கும்."

அம்மையார் மறுநாள் ஒவ்வொரு பொருளையும் அளவுகோலின் அருகே வைத்து மீண்டும் படம் எடுத்து வந்தார். அண்ணாச்சி அவற்றைப் பொருளின் உயரத்துக்குச் சரியாக வரும்படி மாற்றிச் சேமித்தார். சட்டத்தில் நிறைக்கும் கட்டளையை நீக்கி, படத்தின் அளவை அப்படியே காக்கும் கட்டளையை இட்டார். பட்டியலில் உயரத்துக்கு ஒரு பத்தியையும் சேர்த்து மீண்டும் பொத்தானை அழுத்தினார். இம்முறை பக்கம் அத்தனை அழகாயில்லை. செம்பு தன் கட்டத்தின் நடுவே, பெரிய வெற்றிடத்தில் தனித்து நின்றது. குடம் சற்றே அடக்கமாய் இருந்தது. உலக்கையின் தலையும் அடியும் சட்டத்துக்கு வெளியே போய் வெட்டுண்டிருந்தன.

"ஒலக்கைக்கு மட்டும் சட்டத்தக் கையால நீட்டுதேன். கீழ இடம் வேணும், சார்."

கீழே இருந்தது என் உரை. உரலைப் பற்றிய இரண்டு வரியும் எனக்கு மிகவும் உவப்பானவை. "எடுத்துவிடுங்கள். 'உரலும் உலக்கையும்' என்பது போதும்" என்றேன்.

"வருத்தமில்லையே?"

"இருக்கிறது. எடுத்துவிடுங்கள்."

குடத்தின் விளக்கத்திலிருந்து இடுப்பையும் நானே நீக்கினேன். அண்ணாச்சி அடிக்குறிப்பாக ஒரு வரி கேட்டார். "படங்கள் யாவும் மெய்யளவின" என்று எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அம்மையார் வேறொன்று கேட்டார்: அங்கே அவர்கள் அச்சடிக்கும் கருவி தாளுக்குப் பொருந்தச் சுருக்கிவிட்டால் அளவு பொய்யாகிவிடாதா? அண்ணாச்சி தலையசைத்து, பக்கத்தின் அடியில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு வரைந்தார். அளந்து பார்த்து அது ஐந்தாக இருந்தால் பக்கமும் மெய். குறைந்திருந்தால் சுருக்காமல் மறுபடி அச்சடிக்க வேண்டும் என்று அதனருகே எழுதினோம்.

பக்கம் சென்றபின் இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. மூன்றாம் நாள் மாலை நான் படியிறங்கும்போது, கீழ்வீட்டு வாசலில் அம்மையார் கைப்பேசியை ஒலிபெருக்கியில் இட்டு அருகே வைத்து எழுதிக்கொண்டிருந்தார். மலேசிய வணிகர் எண்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தார். குடம் என்றோ திருகை என்றோ ஒரு முறையும் சொல்லவில்லை. என் விளக்கம் எதையும் குறிப்பிடவுமில்லை. கடைசியில், "என் பேத்தி அந்தச் செம்புப் படத்த எடுக்கப் பாத்துத் தாளக் கீறிப்புட்டாங்க. இன்னொரு தாளு அடிச்சேன்" என்று சிரித்தார்.

அவர் பேசி முடித்ததும் அம்மையார் கைப்பேசியைக் காதில் வைத்துக் கணவரை அழைத்தார். நான் நகர முற்பட்டேன், நிற்கும்படி கையசைத்தார். மறுமுனையில் கணவர் ஆர்டர் எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். அம்மையார் எழுதியதைப் பார்த்துக்கொண்டே பைய, ஒவ்வொன்றாய்ச் சொன்னார்.

"பெருசுன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அம்மையார். "உள்ளத உள்ளபடிதான் சொல்லுதேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்க இதே மாதிரி வேணும்னு சொல்லியிருக்காக. வாயால சொன்னதுதான்."

கணவர் மறுமுனையில் ஏதோ கேட்டார்.

"போதும். கையெழுத்துப் போட வேண்டாம். வந்துருங்க."